வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றாதீர்கள்: ஒரு கல்செடியின் ஓராண்டு

லித்தாப்ஸ் வாங்கி வளர்ப்பவர்களில் பலர் அதைத் தண்ணீர் ஊற்றியே சாகடிக்கிறார்கள். அதுவும் அலட்சியத்தால் இல்லை, அக்கறையால். உருண்டு திரண்டு கூழாங்கல் மாதிரி இருந்த செடி ஒருநாள் நடுவில் பிளந்து நிற்கும். சில வாரங்களில் அதன் இரண்டு பக்கமும் சுருங்கி, தோல் மடிந்து, தொட்டால் துவளும். பார்ப்பவருக்கு மனசு கேட்காது. செம்பில் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றிவிடுவார். செடி அந்த நேரத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது அந்தத் தண்ணீரைத்தான்.

'வாழும் கல்', 'கல்செடி' என்றெல்லாம் விற்கப்படும் இந்தச் செடியின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். போட்ஸ்வானாவின் ஓரத்திலும் கொஞ்சம் உண்டு. 1811-ல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பகுதியில் பயணம் செய்தபோது, வடிவம் விநோதமாக இருக்கிறதே என்று தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். கையில் வந்தது செடி. லித்தாப்ஸ் என்ற பேரினப் பெயரை 1922-ல் என்.இ. பிரவுன் சூட்டினார். இன்று ஏறக்குறைய 37 இனங்கள் கணக்கில் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: லித்தாப்ஸ் ஆகாம்பியே. போஸ்ட்மாஸ்பர்க் பக்கத்தில் தன் அப்பாவின் பண்ணையில் இதைக் கண்டெடுத்த ஜுவானிட்டா ஆகாம்பின் பெயரைத் தாங்கிய இனம். இரும்புச்சத்து மிகுந்த செம்மண் நிலத்தில், துருப்பிடித்த நிறக் கற்களுக்கு நடுவே, அதே துருநிறத்தில் கிடக்கும். லித்தாப்ஸ் இனங்களில் பெரியது, முதல்முறை வளர்ப்பவர்களுக்கும் ஒத்துழைப்பது. அதனால்தான் விற்பனைக்கு அதிகம் வருகிறது.

இதை மண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால் தலைகீழாக நிறுத்திய கூம்பு போலிருக்கும். தண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தடித்த இரண்டு இலைகள் ஏறத்தாழ முழுவதும் ஒட்டிப் பிறந்து, உச்சியில் மட்டும் ஒரு கீற்றுப் பிளவை விட்டு வைத்திருக்கின்றன. அவ்வளவுதான் செடி. அந்த இரண்டு இலைகளுக்குள் இருக்கும் தண்ணீர்தான் அதன் மொத்தச் சேமிப்பு. பிறந்த மண்ணில் அந்த உடலின் பெரும்பகுதி தரைக்குக் கீழே புதைந்திருக்கும். வெளியே தெரிவது தட்டையான உச்சி மட்டும். அந்த உச்சியில் ஒளி ஊடுருவும் இடங்கள் உண்டு. வெயில் அதன் வழியாக இறங்கி, நீர் நிறைந்த உள்சதையைக் கடந்து, மண்ணுக்கு அடியில் உள்ள பச்சையத்தைச் சென்றடைகிறது. 2013-ல் பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு இதே ஆகாம்பியே இனத்தை எடுத்துக்கொண்டு, ஒரே இலையின் மேற்பகுதி கடும் வெயிலுக்கும், புதைந்த பகுதி நிழலுக்கும் ஏற்றபடி இயங்குவதைக் காட்டியது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் செடி பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழிக்கிறது. பகல் காற்றில் ஈரம் போகாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இரவும் புழுக்கமாக இருந்துவிட்டால் இந்த வேலை மந்தமாகிவிடும். தண்ணீர் ஊற்றும் விஷயத்தில் இது பிறகு முக்கியமாக வரும்.

லித்தாப்ஸ் வாழும் பெரும்பாலான பகுதிகளில் மழை கோடையில்தான் பெய்கிறது. குளிர்காலம் வறண்டது, இரவில் உறைபனியும் விழும். மேற்குக் கரையோரத்தில் குளிர்கால மழையையும் கடல் மூடுபனியையும் நம்பி வாழும் சில இனங்கள் உண்டு. ஆனால் தொட்டியில் வளர்க்கும்போது அவையும் கிட்டத்தட்ட ஒரே ஒழுங்குக்குள் வந்துவிடுகின்றன. மழை இல்லாத அந்தக் குளிர்கால மாதங்களைத்தான் லித்தாப்ஸ் தன் ஆண்டின் மிகப் பெரிய வேலைக்கு ஒதுக்கியிருக்கிறது: பழைய உடலைக் கழற்றிப் போட்டுப் புது உடலுக்கு மாறுவது.

இந்த மாற்றம் பூவில் தொடங்குகிறது. கோடை முடிந்து பொழுது சுருங்கும்போது, உச்சிப் பிளவின் நடுவில் ஒரு மொட்டு தலைநீட்டும். ஆகாம்பியேயில் பூ மஞ்சள். மதியத்துக்கு மேல் விரிந்து, மாலையில் மூடி, மறுநாள் மதியம் மீண்டும் விரியும். சில நாள்களுக்கு இப்படியே. சில நேரம் பூ செடியையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். விதை வேண்டுமென்றால் தனித்தனி விதையிலிருந்து வளர்ந்த இரண்டு செடிகள் ஒரே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரு செடியின் மகரந்தம் அதற்கே பயன்படாது.

பூ காய்ந்த பிறகு வெளியே எதுவும் நடப்பதாகத் தெரியாது. உள்ளே நடக்கிறது. இரண்டு இலைகளும் சேரும் அடிவாரத்தில் ஒரு புது இலைச்சோடி உருவாகத் தொடங்குகிறது. பழைய பிளவு கிழக்கு மேற்காக இருந்தால் புதுச்சோடியின் பிளவு வடக்கு தெற்காக, குறுக்கே அமையும். அது வளர்வதற்கான தண்ணீர் வேரிலிருந்து வர வேண்டியதில்லை. பழைய இலைகளில் சேர்த்து வைத்த நீரும் சத்தும் மெல்ல உள்ளே போய்ச் சேர்கின்றன. தேங்காய்க்குள் பூ வளரும்போது உள்ளிருந்த இளநீர் வற்றிப்போகிறதல்லவா, அதே கணக்கு. வெளியே உள்ளது வற்ற வற்ற, உள்ளே உள்ளது பருக்கிறது. பருத்த உடல் நெம்பும்போது பழைய பிளவு அகலமாகத் திறக்கிறது. குனிந்து பார்த்தால் இடைவெளிக்குள் புது இலையின் உச்சி, கோடும் புள்ளியுமாகப் பளபளவென்று தெரியும். வெளி இலைகள் அதற்குப் பிறகும் வற்றிக்கொண்டே போய், தோல் மட்டும் மிஞ்சி, வெங்காயச் சருகு கனத்துக்கு மெலிந்து, புது உடலின் இடுப்பைச் சுற்றி உலர்ந்து நிற்கும். சில ஆண்டுகளில் உள்ளிருந்து ஒரு சோடிக்குப் பதில் இரண்டு சோடிகள் வரும். ஒற்றைத் தலை இரட்டைத் தலையாகும். வளர்ப்பவர்கள் காத்திருப்பது இதற்குத்தான்.

ஆக, பூத்து முடிந்ததிலிருந்து பழைய இலை சருகாகும் வரை உள்ள மாதங்களில் காணும் வாட்டம் தாகம் இல்லை. செடி தன்னிடம் இருப்பதைத் தனக்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சமயத்தில் தண்ணீர் ஊற்றினால் என்னதான் ஆகும்? ஒரு செடியை வைத்துப் பார்ப்போம். அக்டோபரில் பூத்த ஆகாம்பியே ஒன்று. ஜனவரியில் பிளவு அகலத் திறந்து, வெளி இலைகள் பாதிக்கு மேல் வற்றியிருக்கின்றன. வளர்ப்பவர் இரக்கப்பட்டு ஒரு முறை நிறைய ஊற்றுகிறார். இரண்டு நாளில் வெளி இலைகள் மறுபடி உப்பி விறைத்துக்கொள்கின்றன. பிழைத்துவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. பிப்ரவரியில் இன்னொரு முறை ஊற்றுகிறார். வெளி இலைகளுக்கு இப்போது வற்றவேண்டிய அவசியமே இல்லை. உள்ளே இருக்கும் புதுச்சோடி, இரண்டு பக்கமும் தடித்த சுவர் அழுத்த, அகலத்தில் விரிய முடியாமல் நெரிபட்டு மேல்நோக்கி நீள்கிறது. மே மாதம் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அடுத்த குளிர்காலத்தில் மூன்றாவது சோடி கிளம்பும்போது அடிச்சோடி இன்னும் காயாமல் ஈரமாகவே கிடக்கும். காற்றுப் புகாத அந்த இடுக்கில் அழுகல் தொடங்கினால் மேலே உள்ள இளஞ்செடிக்கும் அது போய்ச் சேரும்.

அடுக்கு விழுந்துவிட்டால் பழைய இலையைக் கத்தியால் அறுத்தோ கையால் பிய்த்தோ எடுப்பது இன்னும் மோசம். இரண்டும் அடியில் ஒட்டியிருப்பதால் காயம் புது உடலிலும் படும். தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. புது இலைகளின் பக்கங்களில் நன்றாகச் சுருக்கம் விழும்வரைகூடக் காத்திருக்கலாம். அவை வேறு வழியின்றிப் பழைய இலைகளின் நீரை இழுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னது நல்ல பிளவு. கெட்ட பிளவு ஒன்றும் உண்டு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீண்ட காலம் காயவிட்ட செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்தால், உள்சதை உப்பும் வேகத்துக்கு மேல்தோல் நெகிழ்ந்து கொடுக்காது. பக்கவாட்டிலோ உச்சியின் குறுக்கிலோ தோல் வெடித்துவிடும். அடையாளம் காண்பது எளிது. இயற்கையான பிளவு எப்போதும் ஏற்கெனவே உள்ள கீற்றின் வழியேதான் திறக்கும், விளிம்பு வழவழவென்று இருக்கும், உள்ளே புது இலையின் கோலம் தெரியும். வெடிப்பு கீற்றுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வரும், விளிம்பு கிழிந்தது போலிருக்கும், உள்ளே ஈரச்சதை தெரியும்.

வெடித்த செடி செத்துப்போகாது. காயத்தில் தண்ணீர் படாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில நாளில் அது உலர்ந்து பழுப்புத் தழும்பாகும். மஞ்சளோ மருந்தோ பூசத் தேவையில்லை. அந்தத் தழும்பு இந்த ஆண்டு இலையோடு போய்விடும். அடுத்த குளிர்காலம் கழித்து வெளிவரும் புது இலையில் அதன் சுவடே இருக்காது. வெடிப்பைத் தவிர்க்கவும் ஒரே விதிதான். குளிர்கால ஓய்வு முடிந்தபின் விடும் முதல் தண்ணீர் மேல்மண் மட்டும் நனையும் அளவுக்குப் போதும். காய்ந்த காலத்தில் மடிந்துபோன மெல்லிய வேர்முடிகள் அந்த ஈரத்தில் மீண்டும் துளிர்க்கும். பத்து நாள் கழித்து முழுதாக நனைக்கலாம்.

எப்போது அந்த முதல் தண்ணீர்? பழைய இலையைத் தொட்டுப் பாருங்கள். விரலுக்குக் கொஞ்சமாவது சதை அகப்பட்டால் இன்னும் நேரம் வரவில்லை. காகிதம் போலச் சரசரத்தால் வந்துவிட்டது. குளிர்ப்பிரதேசங்களில் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் இது நடக்கும். நவம்பரிலிருந்து அதுவரை அங்குள்ளவர்கள் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. காய்ந்த சருகை அப்போது மெதுவாகக் கழற்றிவிடலாம். மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது என்பதால் கழற்றுவதே நல்லது.

அதன்பிறகு வரும் வளர்ச்சிக் காலத்தில் சுருக்கத்தின் அர்த்தம் தலைகீழாக மாறிவிடுகிறது. இப்போது பிளவு இறுக மூடியிருக்கும், பழைய இலை என்று எதுவும் இல்லை. இந்த நிலையில் இலையின் பக்கங்களில் மெல்லிய வரிகள் விழுந்து, உச்சி சற்றுக் குழிந்து, செடி மண்ணுக்குள் இறங்கினது போலத் தெரிந்தால் அது உண்மையான தாகம். மாலையில் தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றினால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். பிறகு மண் அடிவரை காய்ந்து, வரிகள் மறுபடி தெரியும்வரை தொட வேண்டாம். கோடையின் உச்சத்தில் செடி இரண்டாவது முறையாக ஓய்வெடுக்கும். அப்போது மேலோட்டமாக ஒரு நனைப்பு போதும். வெயில் தணிந்து பூக்கும் பருவம் நெருங்கும்போது மீண்டும் நன்றாகக் குடிக்கும். ஆண்டு முழுதும் எண்ணினாலும் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் தண்ணீர் வேண்டியிருக்காது.

தாகம் என்று நிச்சயமாகத் தெரிந்து ஊற்றியும் நிமிரவில்லையா? அப்போது வேரைச் சந்தேகிக்க வேண்டும். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதிர்த்துப் பார்த்தால் வேர் கறுத்தோ உள்ளீடற்றோ இருக்கும். செத்த வேரை நறுக்கி, சில நாள் நிழலில் உலரவிட்டு, காய்ந்த புதுக் கலவையில் வைத்து, அடியில் இலேசான ஈரம் காட்டினால் புதுவேர் விட வாய்ப்புண்டு. இலையே மஞ்சளித்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவி, அடியில் அழுத்தினால் கூழாகக் கசிந்தால் அது அழுகல். அதைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துத் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் செய்யக்கூடியது.

இவ்வளவு கணக்கும் மண்கலவை சரியாக இருந்தால்தான் பலிக்கும். கடையில் தொட்டியோடு வரும் தென்னைநார்த்தூள் கலவை வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். அதில் இருக்கும்வரை எந்த அட்டவணையும் பயன்படாது. முக்கால் பங்குக்கு மேல் பியூமிஸ், பெர்லைட், பருமணல், சலித்த செங்கல் பொடிக்கல் மாதிரியான சத்தில்லாத பொருளும், மீதி கொஞ்சம் மக்கிய இலையுரமும் போதும். வேர் கீழே ஆழமாக இறங்கக்கூடியது என்பதால் தொட்டி அகலத்தைவிட ஆழத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஆழம் நல்லது. தினமும் நாலைந்து மணி நேரம் நேர்வெயில் வேண்டும். வெளிச்சம் போதாத இடத்தில் வைத்த செடி கழுத்து நீண்டு பச்சையடித்து நிற்கும். அந்த இலையை இனித் திருத்த முடியாது, அடுத்த சோடிதான் சரியாக வரும்.

தமிழ்நாட்டில் வளர்ப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். நம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. லித்தாப்ஸ் பூத்து முடித்து, தண்ணீர் வேண்டாம் என்று ஒதுங்கும் காலமும் அதேதான். மொட்டைமாடியில் திறந்த வெளியில் வைத்த தொட்டி அந்த மழையைத் தாங்காது. மேலே ஒளி புகும் கூரை, பக்கங்களில் தாராளமாகக் காற்று, இரண்டும் இருந்தால் தப்பிக்கும். அடுத்த சோதனை ஏப்ரல், மே. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் இரவும் வெக்கையாகவே இருப்பதால், செடியின் இரவு நேர வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். வரிகள் விழுந்தாலும் அப்போது தொட்டி நிறைய ஊற்றுவது ஆபத்து. நிழல்வலைக்குக் கீழே வைத்து, வெயில் தாழ்ந்தபின் ஓரத்து மண்ணில் கொஞ்சமாக விடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இரவு குளிர்வதால் இந்தத் தொல்லை குறைவு.

மாதக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாத இடங்கள் இரண்டு. விதையிலிருந்து முளைத்த முதல் வருடக் குஞ்சுகளுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அவற்றின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு, ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேலும் இலை மாற்றும், அதனால் குளிர்காலத்திலும் இலேசான ஈரம் வேண்டும். பெரிய செடிகளைப் போலப் பட்டினி போட்டால் காய்ந்துவிடும். அடுத்தது, தபாலில் வரும் செடிகள். எந்த நாட்டில், எந்தப் பருவத்தில் வளர்ந்தது என்பது தெரியாமல் கைக்கு வரும் செடி, உங்கள் ஊர்க் காலண்டருக்கு ஒத்துவர ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அதன் உடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செடி வாடியிருக்கிறது என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் முதலில் பிளவைக் குனிந்து பாருங்கள். உள்ளே புது இலை தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். பிளவு மூடியிருந்து, மண்ணும் அடிவரை காய்ந்து, இரவும் குளிர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இரண்டில் எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்; நன்றாக வளர்ந்த லித்தாப்ஸ் அந்த ஒரு வாரத்தில் தாகத்தால் சாகாது.